அந்தமான் பயணம்: ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும்?

சித்தப்பா, நீங்கள் அனுப்பிய ஒப்பந்தம் ஆறு பக்கத்தையும் படித்துவிட்டேன். அதில் பணம் சம்பந்தப்பட்டதை மட்டும் எழுதுகிறேன். குழுவில் போடுவதற்கு முன் நீங்கள் ஒருமுறை படித்துவிடுங்கள்.

ஒருவருக்கு 36,000 ரூபாய், ஜனவரி 18 புறப்பாடு. டிசம்பர் 4 வரை ரத்து செய்தால் 5,000 மட்டும் பிடிப்பார்கள். டிசம்பர் 5 முதல் 19 வரை 9,000. டிசம்பர் 20 முதல் ஜனவரி 3 வரை 18,000. அதற்குப் பிறகு ஒரு பைசா வராது, ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாலும் சரி. நம் ஆட்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். அதனால் பயணக் காப்பீட்டைத் தனியாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் கிடைக்குமா என்பதை எடுக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

இந்தப் பிடித்தம் கட்டிய தொகையில் அல்ல, மொத்தக் கட்டணத்தில். முன்பணம் 10,000 மட்டும் கட்டிய ஒருவர் டிசம்பர் 22-ல் "நான் வரலை" என்றால் பாக்கி 8,000-ஐ யாரிடம் கேட்பார்கள்? உங்களிடம்தான். 28 பேருக்கும் சேர்த்து ஒரே ஒப்பந்தம், கையெழுத்து உங்களுடையது. குழுக் கணக்கில் இருந்து கழித்துக்கொள்ளலாம் என்று நான்காம் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஆகவே டிசம்பர் 19-க்குள் எல்லாரிடமும் குறைந்தது 18,000 வாங்கிவிடுங்கள். தாட்சண்யம் பார்க்காதீர்கள்.

அப்புறம், இந்த விலை 25 பேருக்குக் குறையாமல் இருந்தால்தான். மூன்று பேர் விலகினால் பிரச்சினை இல்லை. நாலாவது ஆள் விலகினால் மீதி 24 பேரும் தலைக்கு 1,800 கூடுதலாகக் கட்ட வேண்டும், மொத்தம் 43,200. அறையில் துணை இல்லாமல் போனவருக்கு 6,500 தனி.

விலகுபவருக்குப் பதில் வேறு ஆளைச் சேர்ப்பதுதான் லாபம். டிசம்பர் 29 வரை 1,500 கட்டிப் பெயரை மாற்றலாம், ஒரு டிக்கெட்டுக்கு ஒரு தடவைதான். ஆதாரில் உள்ளபடியே பெயரை எழுதி வாங்குங்கள். இனிஷியலில் குழப்பம் வந்தால் விமான நிலையத்தில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

ஹேவ்லாக் கப்பல் வானிலையால் நின்றால் கப்பல் கட்டணம் மட்டும் திரும்பும். போர்ட் பிளேரில் கூடுதலாகத் தங்கும் இரவு நம் செலவு. ஜனவரியில் கடல் பெரும்பாலும் அமைதிதான், இருந்தாலும் சொல்லி வைத்துவிடுங்கள். நிறுவனமே பயணத்தை ரத்து செய்தால் முழுத் தொகையும் 15 வேலை நாளில் வரும்.

ரத்து செய்வதை போனில் சொன்னால் செல்லாது, மின்னஞ்சல்தான். மாலை ஆறு மணிக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும் போவது அடுத்த வேலை நாள் கணக்கில் சேரும். கடைசி நாள் ராத்திரி வரை யாரும் காத்திருக்க வேண்டாம்.

ஒன்று மட்டும் தெளிவாக இல்லை: பணம் அவரவர் கணக்குக்கு வருமா, உங்கள் கணக்குக்கா? கையெழுத்துப் போடும் முன் அதை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.