சித்தி, உங்கள் மெடிக்ளெய்ம் பாலிசியில் இருப்பது இதுதான்

சித்தி, நீங்கள் அனுப்பிய இரண்டு போட்டோவையும் பெரிதாக்கி வரி வரியாகப் படித்துவிட்டேன். முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில். சித்தப்பாவின் கண் ஆபரேஷனுக்கு இந்தப் பாலிசியில் பணம் உண்டு. ஆனால் தேதி குறிப்பதற்கு முன்னால் ஒரு விஷயத்தை டாக்டரிடம் கேட்டாக வேண்டும், அதைக் கீழே எழுதியிருக்கிறேன். செம்பூர் ஆஸ்பத்திரியில் அட்வான்ஸ் எதுவும் இப்போது கட்ட வேண்டாம்.

எவ்வளவு கவர்

உங்கள் இருவருக்கும் சேர்த்து வருடத்துக்கு 5 லட்சம். தலைக்கு 5 லட்சம் இல்லை. ஒருவர் 3 லட்சம் எடுத்துவிட்டால் மற்றவருக்கு மிச்சம்தான். இரண்டு வருடம் க்ளெய்ம் எதுவும் இல்லாததால் போனஸ் 1 லட்சம் சேர்ந்திருக்கிறது, ஆக மொத்தம் 6 லட்சம். அட்மிட் ஆவதற்கு முந்தைய 30 நாள், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 60 நாள் டெஸ்ட், மருந்துச் செலவும் அதே நோய்க்கானது என்றால் கிடைக்கும், பில்களை எடுத்து வையுங்கள். ஆம்புலன்ஸுக்கு ஒரு தடவைக்கு 2,000 ரூபாய். ஆயுர்வேத, சித்த மருத்துவமனையில் அட்மிட் ஆனாலும் கவர் உண்டு. திருநெல்வேலிக்குப் போயிருக்கும்போது உடம்புக்கு முடியாமல் போனால் அங்கேயும் இதே பாலிசி செல்லும்.

லிமிட்: பணம் கையை விட்டுப் போகும் இடம்

ரூம் வாடகை ஒரு நாளைக்கு 5 லட்சத்தில் 1 சதவீதம், அதாவது 5,000. ஐ.சி.யூ. என்றால் 10,000. போனஸ் சேர்ந்தாலும் இந்த 5,000 கூடாது. மும்பையில் தனி ரூம் 5,000-க்குக் கிடைப்பது கஷ்டம், ட்வின் ஷேரிங்தான் கிடைக்கும். "மேலே ஆகும் வாடகையை நாமே கொடுத்துவிடலாமே" என்று சித்தப்பா சொல்வார். அது அப்படி இல்லை சித்தி. 8,000 ரூபாய் ரூம் எடுத்தால் டாக்டர் பீஸ், ஆபரேஷன் தியேட்டர், நர்ஸிங் எல்லாவற்றையும் எட்டில் ஐந்து பங்காகக் குறைத்துத்தான் கொடுப்பார்கள். மருந்துக்கும் டெஸ்டுக்கும் மட்டும் அந்த வெட்டு கிடையாது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். சித்தப்பா நாலு நாள் இருக்கிறார், டாக்டர், தியேட்டர் செலவு 1,20,000, மருந்தும் டெஸ்டும் 80,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 5,000 ரூமில் மொத்த பில் 2,20,000, உங்கள் கையிலிருந்து 44,000 போகும். 8,000 ரூமில் பில் 2,32,000, உங்கள் கையிலிருந்து 92,000 போகும். ரூமுக்கு அதிகமானது வெறும் 12,000, நஷ்டம் 48,000. அட்மிஷன் கவுன்டரில் "5,000-க்குள் எந்த ரூம்" என்றே கேளுங்கள்.

5,000 ரூமிலேயே ஏன் 44,000 என்றால், கோ-பே. சித்தப்பா 60 வயதுக்கு மேல் சேர்ந்ததால் அவருடைய ஒவ்வொரு க்ளெய்மிலும் 20 சதவீதம் நீங்கள் கட்ட வேண்டும். உங்களுக்கு அது இல்லை. கையுறை, மாஸ்க், ரெஜிஸ்ட்ரேஷன் சார்ஜ் மாதிரி சில்லறைகளையும் கழிப்பார்கள், அவை இந்தக் கணக்கில் இல்லை.

கண் ஆபரேஷன்

கண்புரைக்கு ஒரு கண்ணுக்கு 40,000 வரைதான். அதிலும் கோ-பே 8,000 போய் 32,000 கிடைக்கும். ஆஸ்பத்திரியில் 55,000 சொல்லியிருக்கிறார்கள், ஆக உங்கள் பங்கு 23,000. லென்ஸ் விலை கூடினால் அது முழுக்க உங்கள் தலையில்தான்.

கண்புரை, ஹெர்னியா, மூட்டு மாற்று போன்றவற்றுக்கு 24 மாதம் காத்திருப்பு. நீங்கள் முதலில் எடுத்தது 12 நவம்பர் 2023, அதனால் அது 2025 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. சிக்கல் வேறு. சித்தப்பாவின் சர்க்கரையும் பிரஷரும் "முன்பே இருந்த நோய்" என்று ஷெட்யூலில் எழுதியிருக்கிறது. அவற்றுக்கும் அவற்றால் வரும் கோளாறுகளுக்கும் 36 மாதம், அதாவது 11 நவம்பர் 2026 வரை பணம் கிடையாது. கண்புரை சர்க்கரையால் வந்தது என்று டாக்டர் எழுதினால் இந்த 36 மாதத்தைக் காட்டிக் கம்பெனி மறுத்துவிடக்கூடும்.

அதனால் டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இது வயதால் வந்ததா, சர்க்கரையாலா? நவம்பர் 12 வரை தள்ளிப்போட்டால் கண்ணுக்குப் பாதகம் உண்டா? தள்ளலாம் என்றால் தள்ளிவிடுங்கள், எனக்கு அதுதான் சரியென்று படுகிறது. கூடாது என்றால் பணத்தைப் பார்க்காமல் செய்துகொள்ளட்டும். முன் அனுமதிக்கு அனுப்பிப் பார்ப்போம், மறுத்தால் பணத்துக்கு நான் இருக்கிறேன். டாக்டரிடம் "சர்க்கரை என்று எழுதாதீர்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். பழைய ரிப்போர்ட்டுகளில் இருப்பது வெளியே வந்தால் பாலிசிக்கே ஆபத்து.

எதற்குப் பணம் இல்லை

அட்மிட் ஆகாமல் டாக்டரைப் பார்ப்பது, மாதாமாதம் வாங்கும் மாத்திரை, கண்ணாடி, விபத்து இல்லாத பல் வைத்தியம், அழகுக்கான சிகிச்சை, வெளிநாட்டுச் சிகிச்சை. வெறும் டெஸ்ட் எடுப்பதற்காக அட்மிட் ஆனாலும் கிடையாது. பொதுவாக 24 மணி நேரம் அட்மிட் ஆகியிருக்க வேண்டும். கண்புரை டே-கேர் என்பதால் அன்றைக்கே வீடு திரும்பலாம்.

உங்களிடம் ஒரு கேள்வி

உங்கள் பெயருக்கு நேரே "நோய் எதுவும் தெரிவிக்கப்படவில்லை" என்று இருக்கிறது. தைராய்டு மாத்திரை எப்போது ஆரம்பித்தீர்கள்? 2023 நவம்பருக்கு முன் என்றால் ஏஜென்டிடம் சொன்னீர்களா, அவர் எழுதாமல் விட்டாரா? எதுவானாலும் இப்போதே எழுத்தில் தெரிவித்துவிடுவோம். ஐந்து வருடம் தொடர்ந்து பாலிசி ஓடிய பிறகு, மோசடி என்று நிரூபித்தால் தவிர, சொல்லவில்லை என்ற காரணத்தால் மறுக்க முடியாது. உங்களுக்கு அது 2028 நவம்பரில்தான். அதுவரை இந்த ஒரு வரி உறுத்திக்கொண்டே இருக்கும்.

ரென்யூவல்

பாலிசி 11 நவம்பர் 2026 நள்ளிரவோடு முடிகிறது. இந்த வருடம் இந்தத் தேதியை விடவே கூடாது, ஏனென்றால் சர்க்கரை, பிரஷருக்கான காத்திருப்பு முடிவதும் அன்றைக்குத்தான். விட்டுப்போனால் மூன்று வருடம் பொறுத்ததெல்லாம் வீணாகி, புதுப் பாலிசியில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 30 நாள் சலுகைக் காலம் உண்டு, டிசம்பர் 11 வரை கட்டலாம், தொடர்ச்சி போகாது. ஆனால் நடுவில் பணம் கட்டாத நாட்களில் அட்மிட் ஆனால் க்ளெய்ம் கிடையாது. தீபாவளியும் நவம்பர் 8-ம் தேதி வருகிறது, ஊருக்குக் கிளம்புகிற பரபரப்பில் மறந்துபோகும். அக்டோபர் கடைசி வாரம் நானே வந்து கட்டித் தருகிறேன்.

போன தடவை கட்டியது 41,300. அதில் ஜி.எஸ்.டி. பூஜ்யம் என்று இருப்பது தப்பில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மெடிக்ளெய்முக்கு அந்த வரியை எடுத்துவிட்டார்கள். ரொக்கமாக மட்டும் கொடுக்காதீர்கள், சித்தப்பாவுக்கு இதற்கான வருமான வரிக் கழிவு கிடைக்காது.

இரண்டாவது போட்டோவில் கீழ் ஓரம் பளபளப்பில் தெரியவில்லை. நாமினி பெயரும் அதற்குக் கீழே இருக்கும் இரண்டு வரிக் குறிப்பும் அங்கேதான் இருக்கின்றன. பிளாஸ்டிக் கவரிலிருந்து பேப்பரை எடுத்து, ஜன்னல் பக்கம் தரையில் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுத்து அனுப்புங்கள். தைராய்டுக்கு முதலில் எழுதிக் கொடுத்த சீட்டு இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் பண்ணுகிறேன், அதற்குள் கண் டாக்டர் சொல்வதையும் கேட்டு வையுங்கள்.