விளக்கு வைக்கிற நேரம்

கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு வந்த தாத்தா, வாசல் மாடத்து அகலைத் துடைத்து நல்லெண்ணெய் ஊற்றினார்.

“டியூப் லைட்தான் எரியுதே தாத்தா, தினமும் இது எதுக்கு?” என்றான் பேரன்.

“விளக்கு வெச்சா லட்சுமி வருவான்னு உங்க பாட்டி சொல்லுவா.”

“நீங்க என்ன சொல்லுவீங்க?”

தாத்தா திரியை நிமிண்டிவிட்டு ஏற்றினார். “உன் வயசுல எனக்கு இந்தத் தெருவுல கரண்ட் கிடையாதுடா. எங்கப்பா வயலுக்குத் தண்ணி பாய்ச்சிட்டு இருட்டினப்புறம்தான் வருவார். வரப்புல பாம்பு கிடக்கும். தூரத்துல இந்த வெளிச்சம் தெரிஞ்சதும் நடையை எட்டிப் போடுவாராம். எங்கம்மா ஒருநாளும் ஏத்தாம இருந்ததில்லை. எண்ணெய் தீர்ந்துட்டா மத்தியானமே பக்கத்து வீட்டுல வாங்கி வெச்சுடுவா. விளக்கு வைக்கிற நேரத்துல யாரும் கடன் தர மாட்டாங்க, பார்த்துக்கோ.”

பையன் தெருமுனையைப் பார்த்தான். காற்றில் சுடர் சாய்ந்தது. எழுந்துபோய் இரு கைகளையும் குவித்து மறைத்துக்கொண்டான்.

“அம்மா பஸ் எத்தனை மணிக்கு தாத்தா?”

“ஏழேகாலுக்கு.”

“அதுவரைக்கும் எண்ணெய் போதுமா?”

தாத்தா இன்னொரு கரண்டி ஊற்றினார்.