கடைசி அறை

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த லீவு. செம்மண்டலத்தில் அப்பா வேலை செய்த வீட்டுக்கு மத்தியானச் சோறு கொண்டுபோவது என் வேலை.

அப்பா கொத்தனார். தூக்குக்குண்டு விடுவதற்கு முன்பே சுவர் சாய்ந்திருப்பதைக் கண்ணால் சொல்லிவிடுவார். அன்றைக்கு என்ஜினியர் வரவில்லை. வரைபடத்தை மணல் மேல் விரித்து, கடல் காற்றுக்குப் பறக்காமல் நாலு மூலையிலும் செங்கல் வைத்திருந்தார்கள்.

கதவு வரும் இடங்களில் எல்லாம் காம்பஸில் போட்டதுபோல் கால்வட்டம்.

"இது என்னாப்பா?"

"கதவு தொறக்கிற பக்கம். வட்டம் எந்தப் பக்கம் போவுதோ அந்தப் பக்கம் கதவு போவும்."

புள்ளிக்கோடு தலைக்கு மேலே வரும் பரண். படிக்கட்டில் அம்பு ஏறும் பக்கம் காட்டும். சோறு ஆறும்வரை விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். சாந்து காய்ந்த விரல், காகிதத்தில் சரசரவென்று கேட்டது.

"இந்த மூணு ரூமும் பத்தடி" என்றார்.

அங்கே 3000 என்று இருந்தது. எனக்கு உறுத்தியது. அவர் இடுப்பிலிருந்து டேப்பை வாங்கி இழுத்தேன். ஒரு ஓரத்தில் அடிக்கணக்கு, மறு ஓரத்தில் மில்லிமீட்டர்.

"அப்பா, பத்தடின்னா 3048. இது பத்தடி இல்ல. ஒன்பதடி பத்தங்குலம்."

"ரெண்டு அங்குலம்தான பாப்பா. பூச்சுல சரியாயிடும்."

பக்கத்தில் கிடந்த சிமென்ட் பையின் காகிதத்தில் கணக்குப் போட்டேன். ரெண்டு பக்கத் தூணும் ஏற்கெனவே நிற்கிறது, நகராது. முதல் ரெண்டு அறைக்கும் பத்தடி கொடுத்தால் 96 மில்லிமீட்டர் கூடிப்போகும். கடைசி அறைக்கு 2904தான் மிஞ்சும். அவர் சொல்லும் பத்தடிக்கு அது 144 குறைவு.

"ஏறக்குறைய ஆறு அங்குலம்பா."

அப்பா எதுவும் பேசவில்லை. காகிதத்தை வாங்கி, எழுத்தைப் பார்க்காமல், கட்டிடத்தின் கோடியைப் பார்த்தார்.

"எல்லா வீட்டுலயும் கடைசி ரூம்லதான் இடிக்கும்" என்றார் மெதுவாக. "கட்டில் போட்டா அலமாரி தொறக்காது. நீ ஒழுங்கா அளக்கலடான்னு என்னத்தான் சொல்லுவாங்க. நானும் எத்தனை வாட்டி அளந்து பாத்திருப்பேன்."

அவர் ஒழுங்காகத்தான் அளந்திருக்கிறார். அந்தப் பத்தடியில் ஒரு நூல்கூடப் பிசகு இருந்திருக்காது. காகிதம் வேறு கணக்கில் பேசியது, அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. எனக்குத் தொண்டை அடைத்தது.

சோற்றுத் தூக்கை மூடி ஓரமாக வைத்தார். காலையில் வைத்த முதல் வரிசைக் கல்லைக் கரணையால் ஒவ்வொன்றாகப் பெயர்த்தார். சாந்து இன்னும் இறுகவில்லை.

அப்புறம் டேப்பின் கொக்கியை அவரே தூணில் பிடித்துக்கொண்டு, பெட்டியை என் கையில் கொடுத்தார்.

"போ. மூவாயிரம் வந்ததும் சொல்லு."