20,000 எம்ஏஎச் பவர் பேங்க், ஆறு வாரத்துக்குப் பிறகு (இலவசமாக வந்தது, லிங்க்கில் எனக்குக் கமிஷன் உண்டு)

முதலில் காசு விஷயம். இந்தப் பவர் பேங்கை நான் வாங்கவில்லை, தயாரிக்கும் நிறுவனமே அனுப்பியது, திருப்பிக் கேட்கவும் இல்லை. அதைத் தவிரப் பணம் எதுவும் வாங்கவில்லை. எழுதியதை முன்கூட்டியே காட்டச் சொன்னார்கள், முடியாது என்றேன், அதற்கு அவர்கள் சம்மதித்த பிறகுதான் பெட்டி வந்தது. இன்னொன்று, இது அவர்களே பார்த்து அனுப்பிய பீஸ். நீங்கள் வாங்கும் பீஸும் இப்படியே இருக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

கீழே உள்ள இரண்டு லிங்க்கும் அஃபிலியேட் லிங்க். அதன் வழியாகப் போய் வாங்கினால் கடை எனக்கு ஒரு சிறு பங்கு தரும், உங்களுக்கு விலை கூடாது. அந்த லிங்க்கில் போய்விட்டு அங்கே வேறு ஏதாவது வாங்கினாலும் எனக்குப் பங்கு வரலாம், இது பலருக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். வேண்டாமென்றால் பெயரைத் தேடி நேராக வாங்கிக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமே இல்லை.

சரி, பொருளுக்கு வருவோம். 20,000 எம்ஏஎச் என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட் கணக்கு, அதாவது 74 வாட்-அவர். வெளியே 5 வோல்ட்டாகவோ 9 வோல்ட்டாகவோ மாற்றும்போது கொஞ்சம் சக்தி சூடாகப் போய்விடும், எந்தப் பவர் பேங்கிலும் இது உண்டு. யூஎஸ்பி மீட்டர் வைத்து மூன்று முறை அளந்தேன், சராசரியாக 61 வாட்-அவர் கிடைத்தது. 5,000 எம்ஏஎச் பேட்டரி உள்ள என் போன் மூன்று முறை முழுதாக ஏறியது, நாலாவது முறை முழுதாக ஏறவில்லை. 'நாலு முறை ஃபுல் சார்ஜ்' என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். 100 வாட்-அவருக்குள் இருப்பதால் பொதுவாக விமானத்தில் கைப்பையில் கொண்டுபோகலாம், செக்-இன் பெட்டியில் வைக்கக்கூடாது.

எனக்குப் பிடிக்காதது இரண்டு போர்ட்டையும் சேர்த்துப் பயன்படுத்தும்போதுதான். தனியாக வேகமாக ஏறிக்கொண்டிருந்த போன், பக்கத்தில் இயர்போனைச் சொருகியதும் சட்டென்று மெதுவாகிவிடுகிறது, கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அப்புறம், காலியான பவர் பேங்க் நிரம்ப ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. எடை கிட்டத்தட்ட 400 கிராம், சட்டைப் பையில் வைக்க முடியாது, பையில் போட்டால் தெரியாது.

ஒரு போனை மட்டும் வேகமாக ஏற்ற வேண்டுமென்றால் வாங்கலாம். இரண்டு சாதனம் ஒன்றாக ஏற்றுபவர் என்றால் வேண்டாம், இரண்டாவது லிங்க்கில் இருப்பதைப் பாருங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அதை என் சொந்தக் காசில் வாங்கினேன், இரண்டு போர்ட்டிலும் வேகம் குறையவில்லை, ஆனால் அளவில் பெரியது.

ஆறு மாதம் கழித்து இதையே திரும்ப அளந்து, எண் குறைந்திருந்தால் இங்கேயே சேர்க்கிறேன்.