திருமண மண்டபக் காற்றோட்ட அமைப்பு: இயக்கச் சோதனை அறிக்கை

இடம்: கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்
சோதனை நாட்கள்: 2024 ஜூன் 18, 25
சோதித்தவை: சமையற்கூட எக்சாஸ்ட், சமையற்கூடத்துக்கு வெளிக்காற்று, பந்திக்கூடத்துக்கு வெளிக்காற்று

ஏற்பு அளவுகோல்: காற்றளவு வடிவமைப்பிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. அடுப்புக்கு மேல் உள்ள ஹூட்டின் வாயில் காற்றின் வேகம் நொடிக்கு 0.5 மீட்டருக்குக் குறையக் கூடாது. மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் அதன் தகட்டில் போட்டிருக்கும் அளவைத் தாண்டக் கூடாது. பந்திக்கூடத்தில் சத்தம் 50 டெசிபலுக்குள் இருக்க வேண்டும்.

| அளவு | வடிவமைப்பு | ஜூன் 18 | ஜூன் 25 |
|---|---|---|---|
| எக்சாஸ்ட் (கன மீட்டர்/மணி) | 12,800 | 10,850 | 12,240 |
| ஹூட் வாய் வேகம் (மீட்டர்/நொடி) | 0.50 | 0.46 | 0.52 |
| எக்சாஸ்ட் மோட்டார் (ஆம்பியர்) | தகடு 11.0 | 9.1 | 9.8 |
| சமையற்கூட வெளிக்காற்று (கன மீட்டர்/மணி) | 10,880 | 10,420 | 10,400 |
| பந்திக்கூட வெளிக்காற்று (கன மீட்டர்/மணி) | 12,960 | 12,660 | 12,720 |

முதல் நாள் எக்சாஸ்ட் தேறவில்லை. பெல்ட் இறுக்கமாக இருந்தது, புளோயர் சரியான திசையில்தான் சுற்றியது, சுற்று வேகத்திலும் குறையில்லை. மாடிக்குப் போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. புகை வெளியேறும் வாய் நேராக மேற்கைப் பார்த்திருந்தது. ஆனி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எப்படி அடிக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தக் காற்று புளோயரின் தள்ளலை எதிர்த்து நின்றது. கையில் பிடித்த துணி வெளியே பறக்காமல், கிரில்லோடு ஒட்டிக்கொண்டு படபடத்தது. மோட்டாரை மட்டும் பார்த்திருந்தால் பெரிய புளோயர் வாங்கச் சொல்லியிருப்போம். அது வீண் செலவு. ஒப்பந்தக்காரர் வாயை மேல்நோக்கித் திருப்பி மழைத்தொப்பி போட்டுக் கொடுத்தார். 25ஆம் தேதியும் காற்று பலமாகவே இருந்தது, அளவு 95.6 சதவீதத்துக்கு வந்துவிட்டது.

பந்திக்கூடத்தின் எட்டு டிஃப்யூசர்களில் கடைசியானது முதலில் 1,390 கன மீட்டர்தான் தந்தது. தர வேண்டியது 1,620. சீலிங்குக்கு மேலே வளையும் டக்ட் ஒரு கம்பியில் மாட்டி நசுங்கியிருந்தது. நேராக்கியதும் 1,530 வந்தது. மற்ற ஏழும் 1,540க்கும் 1,650க்கும் இடையில் உள்ளன. சரி.

அப்புறம் நிஜ அடுப்பில் ஒரு சோதனை. நான்கு அடுப்பையும் எரியவிட்டு அரைக் கிலோ காய்ந்த மிளகாயை வறுக்கச் சொன்னோம். பரிமாறும் ஜன்னலில் பிடித்த ஊதுபத்திப் புகை பந்திக்கூடத்துப் பக்கம் திரும்பாமல் சமையற்கூடத்துக்குள் சாய்ந்தது. பந்திக்கூடத்தில் நின்ற யாருக்கும் தும்மல் இல்லை. கதவுகள் சாத்திய நிலையில், பந்திக்கூடத்தைவிட சமையற்கூடத்தில் அழுத்தம் 6 பாஸ்கல் குறைவு.

சத்தம் மட்டும் இன்னும் தேறவில்லை. புளோயர் அறையை ஒட்டிய வரிசையில் 53 டெசிபல் காட்டுகிறது. மற்ற இடங்களில் 46 முதல் 49 வரை. அந்த வரிசையில் உட்காரப் போவது பெரும்பாலும் பெரியவர்கள். பக்கத்தில் இருப்பவர் சொல்வது அவர்களுக்குக் கேட்க வேண்டும் என்பதால் இதை விட்டுக்கொடுக்க இயலாது.

முடிவு: மூன்று பகுதிகளும் காற்றளவில் ஏற்கப்பட்டன. முதல் டக்ட் துண்டுக்குள் ஒலித்தடுப்பு உறை போட்டு, 2024 ஜூலை 10க்குள் சத்தத்தை மறுபடி அளந்து காட்டிய பிறகே பந்திக்கூடப் புளோயரின் கடைசித் தவணைக்கு ஒப்புதல் தரப்படும்.