குடியாத்தம் பக்கத்து அம்மா ரெஃபரல் நோட், சைனுக்கு முன்னாடி ஒரு தடவ பாருங்க மேடம்

மேடம், ஓபி 118, 54 வயசு, பீடி சுத்தற அம்மா. 108க்கு சொல்லிட்டேன், கிளம்பிட்டாங்களாம். அவங்க சொன்னத மொதல்ல அப்படியே போடறேன், நான் ஏதாவது விட்டுட்டேனான்னு நீங்க பாக்கணும் இல்ல.

"இன்னாத்த சொல்றது மேடம், எல்லாம் கேஸு தான், சிரசு திருவிழாக்கு கூழு, கறின்னு கண்டதையும் துன்னதுல வந்தது, அது முடிஞ்சி நாலு நாள் கழிச்சி ஆரம்பிச்சுது, கொடத்த தூக்கிகினு மேட்டுல ஏர்னா மாருல கல்ல வெச்ச மாரி அமுக்குது, இந்தக் கை சுண்டுவெரல் வரிக்கும் இழுக்குது, அது பீடி சுத்தி சுத்தி வந்த வலி, அப்புறம் தாட நோவுது, பல்ல புடுங்கிடலாம்னு இருந்தேன், செத்த குந்திகினா ஒரு பத்து பீடி சுத்தற நேரத்துல போயிடும், சோடா குடிச்சேன், சுக்கு கஷாயம் குடிச்சேன், இன்னிக்கி மட்டும் பாங்கு சொல்லசொல்லோ படுத்துகினு இருக்கும்போதே வந்திடுச்சி, பால்காரர் வர்ற வரிக்கும் உடல, ஜாக்கெட்டு தொப்பலா நனைஞ்சி போச்சி, எம்மருமவ தான் சும்மா இல்லாம இட்டாந்துட்டா."

நோட்டுக்கு நான் எழுதினது:

பெறுநர்: இதயவியல் பிரிவு, அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அடுக்கம்பாறை. அவசரம்.

54 வயதுப் பெண். மே 19 முதல், 3 வாரங்களாக, சுமையுடன் மேடு ஏறும்போது நடு நெஞ்சில் அழுத்தும் தன்மையுள்ள வலி. இடது கையின் உட்புறம் சுண்டுவிரல் வரையும் கீழ்த்தாடைக்கும் பரவுகிறது. ஓய்வெடுத்தால் சுமார் 5 நிமிடத்தில் தணிகிறது. இன்று, ஜூன் 9, அதிகாலை சுமார் 4.30 மணிக்கு ஓய்வு நிலையில் முதன்முறையாக வலி, 20 நிமிடத்துக்கு மேல் நீடித்தது, அதிக வியர்வையுடன். மயக்கம், வாந்தி இல்லை. தற்போது வலி இல்லை. சர்க்கரை நோய் 8 ஆண்டுகள், மெட்ஃபார்மின் 500 மி.கி. இரு வேளை பரிந்துரைக்கப்பட்டது, ஒரு வேளை மட்டுமே எடுக்கிறார். உயர் ரத்த அழுத்தம், அம்லோடிபின் 5 மி.கி. புகையிலை மெல்லும் பழக்கம் 20 ஆண்டுகளுக்கு மேல். மருந்து ஒவ்வாமை, ரத்தக்கசிவு வரலாறு இல்லை. காலை 10.10: ரத்த அழுத்தம் 160/96, நாடித்துடிப்பு 98, ஆக்சிஜன் 97%, ரத்தச் சர்க்கரை 268. இசிஜி: வி2 முதல் வி5 வரை டி அலை தலைகீழ், எஸ்டி உயர்வு இல்லை. நிலையற்ற ஆஞ்சைனா அல்லது எஸ்டி உயர்வற்ற மாரடைப்பு எனச் சந்தேகம். 10.20க்கு ஆஸ்பிரின் 300, குளோபிடோக்ரெல் 300, அட்டோர்வாஸ்டாடின் 80 மி.கி. தரப்பட்டது. ட்ரோபோனின் பரிசோதனையும் மேல் சிகிச்சையும் வேண்டுகிறோம்.

தேதி எப்படி வந்ததுன்னா, சிரசு வைகாசி 1, இந்த வருஷம் மே 15, அதோட நாலு. 5 நிமிஷம்னு போட்டது, நாளைக்கு ஆயிரம் பீடி, ஒம்போது மணி நேரம்னு சொன்னாங்க, அப்போ ஒரு பீடிக்கு அர நிமிஷம், பத்துக்கு அஞ்சு. சிரிக்காதீங்க, நிமிஷம் கேட்டா அந்தம்மா "தோ இவ்ளோ நேரம்"னு கையத்தான் காட்டறாங்க. பால்காரர் அஞ்சுக்கு வருவாராம், மருமவ சொன்னது, அதான் 20க்கு மேலன்னு மட்டும் எழுதினேன், 30ன்னு போட மனசு வரல.

கேஸுன்ற வார்த்தைய எடுத்துட்டேன், அது அவங்க கண்டுபிடிப்பு, அங்க டியூட்டில இருக்கறவங்க கண்ணுல மொதல்ல அது பட்டா ஒரு கேஸ் ஊசி போட்டு ஒக்கார வெச்சிடுவாங்க. பல்லு, பீடிக்கை கதையும் அதே மாதிரி தான், காரணத்த விட்டுட்டு எடத்த மட்டும் வெச்சிக்கிட்டேன்.

கெட்ட பழக்கம் இருக்காம்மான்னு கேட்டா இல்லவே இல்லன்னாங்க, வெத்தலைக்கு பொகல வெச்சிப்பீங்களான்னு கேட்டதும் "அத்தப் போயி கெட்ட பழக்கம்னா எப்டி"ன்னு என்னையே கேக்கறாங்க. பதினாலு மாத்திரையும் என் எதிர்லயே முழுங்கினாங்க, கல்யாண விருந்து மாரி கீதேன்னு ஒரு கமெண்ட் வேற.

ஒரு டவுட், "சந்தேகம்"ன்ற வார்த்த அந்த எடத்துல சரியா, இல்ல நீங்க வேற ஏதாவது போடுவீங்களா? சொன்னீங்கன்னா மாத்திட்டு இசிஜி ஒரிஜினலோட பின் பண்ணிடறேன். நடக்க விடல, வீல்சேர்ல தான் ஒக்கார வெச்சிருக்கேன்.