தரக்கட்டுப்பாட்டுப் பணியிடங்களுக்கான நான்கு மின்னஞ்சல்கள்

மனிதவளப் பிரிவு நண்பர்களுக்கு,

சோதனைக் கூடத்துக்கு ஆள் எடுத்த இந்தச் சுற்றில் நாம் அனுப்பிய மடல்களில் நான்கை, பெயர்களை மட்டும் மாற்றி, அடுத்த சுற்றுகளுக்கும் வார்ப்பாகப் பயன்படும் என்று கீழே தந்திருக்கிறேன். பணி, சம்பளம், இடம், நாள் ஆகியவற்றைச் சொல்லும் பகுதிகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு மடலின் இரண்டாம் பத்தி மட்டும் அந்த ஒருவருக்காகவே எழுதப்பட்டது. நீங்கள் எழுதிய இரண்டாம் பத்தி இன்னொருவருக்கும் பொருந்துமானால், அது இன்னும் எழுதப்படவில்லை என்றே கொள்ளுங்கள்.

1. முதல் அழைப்பு

பொருள்: தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர் பணி, பம்ப் சோதனைக் கூடம், சூலூர்

அன்புள்ள கவிதா அவர்களுக்கு,

வணக்கம். சூலூரில் நீர்மூழ்கி பம்புகள் தயாரிக்கும் எங்கள் தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவிலிருந்து எழுதுகிறேன். வேலைவாய்ப்புத் தளத்தில் நீங்கள் பதிவு செய்திருந்த பயோடேட்டாவை நேற்று முழுவதுமாகப் படித்தேன்.

இம்பெல்லர் வார்ப்புகளில் நிராகரிப்பு அதிகமான ஒரு சமயத்தில், குறையை மெஷின் ஷாப்போடு நிறுத்திவிடாமல், வார்ப்பகத்து மணலின் ஈரப்பதம் வரை தேடிப் போய்க் கண்டுபிடித்ததாக அதில் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் சோதனைக் கூடத்துக்கு வேண்டியது அந்தப் பொறுமைதான். ஐ.எஸ். 8034 தர அளவுகோலின்படி ஹெட்டையும் டிஸ்சார்ஜையும் அளந்து, தேறாத பம்பை ஓரமாக வைப்பதோடு இங்கே வேலை முடிவதில்லை. அது ஏன் தேறவில்லை என்பதை வார்ப்பகத்தவரும் வைண்டிங் பிரிவினரும் ஒப்புக்கொள்ளும்படி எடுத்துக்காட்ட ஒருவர் வேண்டும்.

பணி பகல் ஷிஃப்ட்டில் மட்டுமே. வருங்கால வைப்பு நிதிக்கான நிறுவனத்தின் பங்கு உட்பட மொத்தச் சம்பளம் மாதம் 50,000 முதல் 58,000 ரூபாய் வரை. சிங்காநல்லூரிலிருந்து நிறுவனப் பேருந்து உண்டு. விருப்பமிருந்தால் உங்களுக்கு வசதியான நேரத்தைத் தெரிவியுங்கள், நானே அழைக்கிறேன். இப்போது வேலை மாறும் எண்ணம் இல்லையென்றால் அந்த ஒரு வரி எழுதினால் போதும். இந்தப் பணிக்காக மறுபடி உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டோம்.

அன்புடன்,
மீனாட்சி
மனிதவளப் பிரிவு

இதே மடல் முருகேசன் அவர்களுக்குப் போனபோது, மற்றவை அப்படியே இருக்க, இரண்டாம் பத்தி மட்டும் பின்வருமாறு மாறியது:

பொள்ளாச்சி, உடுமலைப் பகுதிகளில் ஆறு ஆண்டுகள் சர்வீஸ் பணியில் இருந்து, தென்னந்தோப்புகளில் வைண்டிங் எரிந்துபோன மோட்டார்களை நேரில் பிரித்துப் பார்த்தவர் நீங்கள். மின்னழுத்தம் குறையும்போது மோட்டார் கூடுதல் மின்னோட்டம் இழுத்துச் சூடாவதை நாங்கள் சோதனைக் கூடத்தில் எண்களாகவே பார்க்கிறோம். பயிர் வாடிக்கொண்டிருக்கும் தோட்டத்தில் அதைப் பார்த்த ஒருவர் எங்கள் மேசையில் இருக்க வேண்டும் என்பது தரக்கட்டுப்பாட்டு மேலாளரின் நெடுநாள் விருப்பம்.

2. நேர்காணல் அழைப்பு

பொருள்: நேர்காணல் – வியாழக்கிழமை காலை 10 மணி

அன்புள்ள கவிதா அவர்களுக்கு,

தொலைபேசியில் நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு நன்றி. வரும் வியாழக்கிழமை காலை 10 மணிக்கு உங்கள் நேர்காணலை வைத்திருக்கிறோம்.

பிற்பகல் மூன்றரை மணிக்கு மகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வர வேண்டும் என்று சொன்னீர்கள். ஆகவே அன்றைய வரிசையில் உங்களையே முதலாவதாக வைத்திருக்கிறேன், மதியம் 12.30 மணிக்குள் முடிந்துவிடும்.

தரக்கட்டுப்பாட்டு மேலாளரும் சோதனைக் கூடப் பொறுப்பாளரும் பேசுவார்கள். ஒரு பம்ப்பின் வரைபடத்தைக் கொடுத்து, எந்தெந்த அளவுகளை முதலில் சரிபார்ப்பீர்கள் என்று கேட்பார்கள். அதற்கு 20 நிமிடம். பிறகு கூடத்தைச் சுற்றிப் பார்ப்போம் என்பதால் முன்பக்கம் மூடிய காலணி அணிந்து வாருங்கள். சான்றிதழ்களின் நகல் இப்போது தேவையில்லை.

அன்புடன்,
மீனாட்சி

3. தேர்வாகாதவருக்கு

இந்த மடலைப் பற்றி மட்டும் சில சொற்கள். நான் வேலை தேடிக்கொண்டிருந்த நாட்களில், ஒரு நிறுவனத்தில் மூன்று சுற்று நேர்காணல் முடிந்த பிறகு பதிலே வரவில்லை. அந்தப் பதிலுக்காகக் காத்திருந்ததில், கையில் இருந்த இன்னொரு வாய்ப்பை விட்டுவிட்டேன். அதனால்தான் முடிவான நாளிலிருந்து நான்கு வேலை நாட்களுக்குள் இம்மடல் போய்விட வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். உண்மையான காரணத்தை மேலாளரிடம் கேட்டு எழுதுங்கள். ‘உங்கள் விவரங்களைக் கோப்பில் வைத்துக்கொள்கிறோம்’ என்ற வரியை எங்கும் சேர்க்காதீர்கள்.

பொருள்: தரக்கட்டுப்பாட்டுப் பணி – எங்கள் முடிவு

அன்புள்ள முருகேசன் அவர்களுக்கு,

வணக்கம். இந்தப் பணிக்கு உங்களைத் தேர்வு செய்ய இயலவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். பொள்ளாச்சியிலிருந்து இரண்டு முறை வந்து போனீர்கள். அதற்காக நாங்கள் அனைவரும் நன்றி கூறுகிறோம்.

பேரிங் தேய்மானத்தை ஓசையைக் கொண்டே பிரித்தறிவது எப்படி என்று நீங்கள் விளக்கியதைச் சோதனைக் கூடப் பொறுப்பாளர் அன்று மாலையே குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டார். ஆனால் இந்தப் பணியில் பாதி நேரம் அளவுக் கருவிகளின் கேலிப்ரேஷன் பதிவுகளைப் பராமரிப்பதிலும், தணிக்கைக்கு வருவோரிடம் அவற்றை விளக்குவதிலும் கழியும். அந்த அனுபவம் உள்ள ஒருவர் கிடைத்ததே முடிவுக்குக் காரணம். உங்கள் திறமையில் எந்தக் குறையும் காணவில்லை.

டீலர்களின் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி தரும் பிரிவில் ஓர் இடம் உருவாக்குவது குறித்துப் பேச்சு நடக்கிறது. அது முடிவாகவில்லை, ஆகவே அதை நம்பி வேறு வாய்ப்பைத் தள்ளிப் போட வேண்டாம். முடிவானால் உங்களுக்குத்தான் முதலில் அழைப்பு வரும். பயணச் செலவு 640 ரூபாய் வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் கணக்கில் சேரும்.

அன்புடன்,
மீனாட்சி

4. பணி வழங்கும் மடல்

பொருள்: பணி நியமனம் – சம்பள விவரத்துடன்

அன்புள்ள கவிதா அவர்களுக்கு,

தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர் பணிக்கு உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறேன்.

வரைபடத்தைக் கையில் கொடுத்ததும், அளவுகளுக்குப் போகும் முன்பே ‘இந்தப் பம்ப் எவ்வளவு ஆழத்துக்கு இறங்கும்?’ என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வியிலேயே நேர்காணல் எடுத்த இருவரின் மனமும் முடிவாகிவிட்டது என்று மேலாளர் என்னிடம் சொன்னார். அதை உங்களுக்கும் தெரிவிக்க அவர் அனுமதி தந்தார்.

ஆண்டுக்கு மொத்தச் செலவுக் கணக்கில் சம்பளம் 6,60,000 ரூபாய், அதாவது மாதம் 55,000. இதில் அடிப்படைச் சம்பளம் 27,500. அதன் 12 சதவீதமான 3,300 ரூபாய் வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனத்தின் பங்காகவும், இன்னொரு 3,300 ரூபாய் உங்கள் பங்காகவும் செல்வதால், கையில் வருவது 48,400 ரூபாய். தொழில் வரியும், வருமான வரிப் பிடித்தம் இருந்தால் அதுவும் இதிலிருந்து கழியும். இப்போதுள்ள யு.ஏ.என். எண்ணே இங்கும் தொடரும்.

உங்களுக்கு 60 நாள் நோட்டீஸ் காலம் இருப்பது எங்களுக்குத் தெரியும், அது முடிந்த பிறகே சேரலாம். கையொப்பமிட்ட நியமன ஆணை கைக்கு வரும் முன் தயவுசெய்து இப்போதைய வேலையில் ராஜினாமா கொடுக்க வேண்டாம். வீட்டில் கலந்து பேச அடுத்த புதன்கிழமை வரை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் நான் பதில் கேட்டு அழைக்க மாட்டேன்.

அன்புடன்,
மீனாட்சி